கணக்கை மூடினால் பதிவு அழியுமா? தென்னாப்பிரிக்க அரசுத் தளங்களில் செய்யக் கூடாத தவறுகள்

டர்பனில் வீட்டை விற்றுவிட்டு பெர்த்தில் இருக்கும் மகனிடம் போய்ச் சேரப்போகிறவர், கிளம்பும் அவசரத்தில் அரசுத் தளங்களில் உள்ள கணக்குகளையும் ஒரே மூச்சில் மூடப் பார்ப்பார். 'செயலிழக்கச் செய்' என்ற பொத்தான்தான் இருக்கும். 'அழி' என்பது எங்கே தேடினாலும் கிடைக்காது.

அது தளத்தைக் கட்டியவர்களின் சோம்பல் அல்ல. 1996ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி, தேசிய ஆவணக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் மத்திய அரசுத் துறை எதுவும் தன் பொதுப் பதிவை அழிக்க முடியாது. நாம் மூடுவது உள்ளே நுழையும் வாசலை மட்டுமே. அடையாள எண்ணோடு கட்டப்பட்ட கோப்பு துறையிடமே இருக்கும்.

'போபியா' என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று பலர் வாதாடுவார்கள். இருக்கிறது, ஆனால் அதன் 14ஆம் பிரிவே வேறொரு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் பதிவுக்கு விலக்கு தருகிறது. "எல்லாவற்றையும் அழியுங்கள்" என்று கடிதம் எழுதினால் மறுப்புதான் வரும்.

இதைவிடப் பெரிய தவறு, கணக்கை மூடினால் வரிக் கடமையும் முடிந்தது என்று நினைப்பது. வரி எண் அப்படியே இருக்கும். நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போகிறவர், தான் இனி இங்கு வரிக்குரிய குடியிருப்பாளர் அல்ல என்பதை RAV01 படிவத்தில் தேதியோடு வரித்துறைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவும் பெரும்பாலும் வரித்துறைத் தளத்தில் உள்ள கணக்கு வழியாகத்தான் நடக்கும்! முதலில் கணக்கை மூடிவிட்டால் தலைவலி. வரிக் கணக்கைச் சமர்ப்பித்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்கு அதற்கான ஆவணங்களை நாமும் வைத்திருக்க வேண்டும். எனவே மதிப்பீட்டு அறிவிப்புகளை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கைப்பேசி எண். ப்ரீபெய்ட் சிம்மை நீண்ட காலம் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் அந்த எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடும். கணக்கைத் திரும்பத் திறக்க வரும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த முகம் தெரியாத ஆளுக்குப் போகும். புதிய மின்னஞ்சலில் இரண்டாவது கணக்கு தொடங்கலாம் என்றால், அடையாள எண் ஏற்கெனவே பதிவாகியிருப்பதாகச் சொல்லித் தளம் தடுத்துவிடக்கூடும். அதனால் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றிய பிறகே சிம்மை விடுங்கள்.

சரி, எதையுமே அழிக்கச் சொல்ல முடியாதா? முடியும், குறிப்பாகக் கேட்டால். போபியாவின் 24ஆம் பிரிவு, தவறான, காலாவதியான, தேவைக்கு மிஞ்சிய தகவலைத் திருத்தவோ நீக்கவோ கேட்கும் உரிமையைத் தருகிறது. அதற்கு உள்ளது இரண்டாம் படிவம். "இரண்டு முறை ஏற்றிவிட்ட பாஸ்போர்ட் நகலில் ஒன்றை நீக்குங்கள், பழைய சாட்ஸ்வர்த் முகவரியைத் திருத்துங்கள்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். துறையின் தகவல் அதிகாரிக்கு அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்க அந்த நகல்தான் வேண்டும்.