ஒரு படம், ஒரு கேள்வி: போட்டோ எடுப்பவர்கள் படம் தேர்ந்தெடுக்கும் முறை

கேமரா வாங்கிய புதிதில், ஒளிப்பதிவுக்காகப் பார்க்க வேண்டிய படங்கள் என்று யாரோ போட்ட ஒரு பட்டியலைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் படம் பார்த்தேன். எல்லாம் நல்ல படங்கள்தான். ஆனால் வீட்டுக்குள் நான் எடுத்த முகங்கள் மட்டும் டியூப்லைட் வெளிச்சத்தில் தோசைக்கல் மாதிரித் தட்டையாகவே வந்துகொண்டிருந்தன. பட்டியலில் குறையில்லை. அதில் எதைத் தேடுகிறேன் என்பதுதான் எனக்கே தெரியவில்லை. இப்போது நான் படம் தேர்ந்தெடுக்கும் முறை இது.

1. உங்கள் போட்டோவிலிருந்து ஆரம்பியுங்கள்

கடைசியாக எடுத்த இருபது போட்டோக்களை வரிசையாகப் பாருங்கள். எந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறது? முகத்தில் வெளிச்சம் சரியில்லையா, ஆட்களை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லையா, நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றனவா? ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி, ஃப்ரேம், நிறம் மூன்றையும் ஒரே படத்தில் கவனிக்கப் போனால், கால் மணி நேரத்தில் கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். என் கேள்வி இது: அறைக்குள் இருக்கும் முகத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும்?

2. ஒளிப்பதிவாளர் பெயரைப் பிடித்துப் போங்கள்

பிடித்த காட்சி ஏதாவது நினைவிருந்தால், அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு யார் என்று பாருங்கள். பிறகு அவர் செய்த மற்ற படங்களைத் தேடுங்கள். 'நாயகன்' பிடித்திருந்தால் பி.சி.ஸ்ரீராம், 'இருவர்' பிடித்திருந்தால் சந்தோஷ் சிவன். இருவருக்கும் அந்தப் படங்களுக்காக ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது. ஒரே ஆளின் நான்கு படங்களைப் பார்த்தால், அவர் வெளிச்சத்தை வைக்கும் பழக்கம் மெல்லப் பிடிபடும்.

இங்கேதான் ஆரம்பத்தில் எல்லோரும் ஏமாறுகிறோம். பனிமலை, அருவி, மேலிருந்து ட்ரோன் ஷாட் எல்லாம் வந்தால் 'அடேயப்பா, என்ன ஒளிப்பதிவு!' என்கிறோம். அதே இடத்தில் போனில் எடுத்தாலும் அழகாகத்தான் வரும் என்றால், பாதிப் பாராட்டு மலைக்குப் போக வேண்டியது. என் சோதனை எளிது. சாதாரண அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியைத் தேடிப் பிடித்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பார்ப்பேன். அதிலும் கண் அலுக்கவில்லை என்றால் அந்தப் படத்தை எடுத்துக்கொள்வேன்.

3. கையில் இருக்கும் பிரதி சரிதானா?

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். பழைய படங்கள் பல, கிட்டத்தட்ட சதுரத்துக்கு நெருங்கிய திரை விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலமான டிவியில் போடும்போது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிய வேண்டும். பட்டையே இல்லாமல் திரை முழுக்க நிறைந்திருந்தால், ஒன்று மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், இல்லை பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள். தலை உச்சி வெட்டுப்பட்டிருந்தால் முதலாவது. வண்டிச் சக்கரம் முட்டை வடிவத்தில் தெரிந்தால் இரண்டாவது. அந்தப் பிரதியில் ஃப்ரேமைப் படிக்கவே முடியாது, மூடிவிடுங்கள். படத்தின் சரியான விகிதம் IMDb தளத்தில் `Technical specs` பகுதியில் இருக்கும்.

அப்புறம், டிவியில் `Vivid` மோடு இருந்தால் மாற்றிவிடுங்கள். `Movie` அல்லது `Filmmaker Mode` போதும். பளபளப்பு குறையும், ஆனால் ஒளிப்பதிவாளர் வைத்த இருட்டு இருட்டாகவே இருக்கும்.

4. ஒரே கேள்விக்கு இரண்டு படங்கள்

என் கேள்விக்கு நான் எடுத்த முதல் படம் 'தி காட்ஃபாதர்' (1972), ஒளிப்பதிவு கோர்டன் வில்லிஸ். தொடக்கக் காட்சியை மட்டும் பாருங்கள். இருட்டிலிருந்து ஒரு முகம் பேசுகிறது, காட்சி மெல்ல விரிகிறது, அப்புறம்தான் மார்லன் பிராண்டோ தெரிகிறார். இங்கே நிறுத்துங்கள். அவர் புருவத்துக்குக் கீழே கண்கள் நிழலில் மறைந்திருக்கின்றன. வெளிச்சம் தலைக்கு மேலிருந்து வருகிறது. பிராண்டோவை வயதானவராகக் காட்டும் ஒப்பனைக்குப் பொருந்தும் என்று வில்லிஸ் இப்படி வைத்தார். கண் தெரியாததால், அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்று நமக்கும் தெரிவதில்லை. வெளியே கல்யாண வீட்டில் வெயில் கொட்டுகிறது. அதோடு ஒட்டிப் பார்த்தால் அறையின் இருட்டு இன்னும் கனமாகிறது.

இரண்டாவது, சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956), ஒளிப்பதிவு சுப்ரதா மித்ரா. காசியில் முற்றம் வைத்த பழைய வீடு. இங்கும் வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது. ஆனால் முகத்தில் கூர்மையான நிழல் எங்கும் இல்லை, கண் தெளிவாகத் தெரிகிறது. உண்மையில் அந்த முற்றம் கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட். முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை நேராக நடிகர்கள் மேல் திருப்பாமல் துணி மேல் அடித்து, அது திருப்பி விடும் வெளிச்சத்தில் மித்ரா படம் எடுத்தார். துணிதான் அங்கே வானம்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. திசை ஒன்றேதான், மாறியது வெளிச்சம் வரும் பரப்பின் அளவு. சின்ன இடத்திலிருந்து வந்தால் நிழல் வெட்டினதுபோல் விழும். பெரிய பரப்பிலிருந்து வந்தால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். ஒரே படத்தை மட்டும் பார்த்திருந்தால் 'மேலிருந்து வெளிச்சம் வந்தால் கண் இருண்டுவிடும்' என்று தப்பாக எழுதி வைத்திருப்பேன்.

நிறுத்தும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலில் பாருங்கள். அடுத்து நிழலின் ஓரம், அடுத்து கண்ணில் மினுங்கும் வெள்ளைப் புள்ளி. பல ஓடிடி தளங்களில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாகத்தான் வரும். நான் நோட்டில் ஒரு கட்டம், ஒரு வட்டம், வெளிச்சம் வரும் பக்கத்தில் ஓர் அம்பு என்று போட்டுக்கொள்கிறேன். ஸ்க்ரீன்ஷாட்டை விட இதுதான் மனதில் நிற்கிறது.

5. உங்கள் கேள்வி வேறு என்றால்

ஃப்ரேம் என்றால் போலந்துப் படம் 'இடா' (2013). கறுப்பு வெள்ளை, கேமரா பெரும்பாலும் அசையாது. ஆட்களைக் கட்டத்தின் அடியில் ஒதுக்கிவிட்டு, மேலே வெறும் சுவரையும் வானத்தையும் விட்டிருப்பார்கள். ஆளை நடுவில் நிறுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு நல்ல மருந்து.

நிறம் என்றால் 'இன் த மூட் ஃபார் லவ்' (2000). ஒரு எச்சரிக்கை: பின்னாளில் இயக்குநர் வொங் கார்-வாய் மேற்பார்வையில் வந்த 4கே பிரதி, பழைய டிவிடியைவிடப் பச்சைப் பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் சிவப்பு எந்த சிவப்பு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நாயகியின் உடைக்கும் பின்னால் இருக்கும் திரைச்சீலைக்கும் சுவருக்கும் என்ன உறவு என்று மட்டும் பாருங்கள்.

6. அதே வாரத்தில் எடுத்துப் பாருங்கள்

'அபராஜிதோ' பார்த்த இரண்டாம் நாள், டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரு மேசை விளக்கைக் கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்து அம்மாவை எடுத்தேன். நிழல் அழகாகக் கரைந்தது. ஆனால் முகம் லேசாகப் பச்சை. விளக்குக்குப் பக்கத்துச் சுவரில் அடித்திருந்த பச்சை பெயிண்டும் சேர்ந்து வெளிச்சத்தைத் திருப்பி விட்டிருக்கிறது. அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு, "என்னடா, எனக்குக் காமாலையா?" என்றார். அப்பாவின் வெள்ளை வேட்டியை அந்தச் சுவரில் தொங்கவிட்டு மறுபடி எடுத்தேன்.