"வரி நீங்கலாக" என்று எழுதப்பட்ட கொட்டேசனில் இறுதித் தொகையைக் கணிப்பது எப்படி

வெள்ளவத்தையில் இயங்கும் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒலி, ஒளி அமைப்புகளை வாடகைக்கு எடுப்பதற்காக ஒருமுறை நான் பொருளாளராக இருந்து கொட்டேசன்கள் கோரினேன். வந்தவற்றுள் மிகக் குறைந்த தொகையை நிர்வாகக் குழு அங்கீகரித்தது. விழா முடிந்து பட்டியல் வந்தபோது, அங்கீகரித்த தொகையைவிட அது வெகுவாகக் கூடியிருந்தது. நிறுவனம் எங்களை ஏமாற்றவில்லை. தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த "விலைகள் வரி நீங்கலானவை" என்ற வாசகத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை என்பதே காரணம். அன்று நான் செய்திருக்க வேண்டிய கணக்கை, எளிதான எண்களைக் கொண்ட ஓர் உதாரணத்தின் மூலம் இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதலில், எந்த வரி நீங்கலாக என்பதைப் பார்க்க வேண்டும். இலங்கையில் சேவை ஒன்றுக்கான கொட்டேசனில் பொதுவாக இரண்டு வரிகள் சேரக்கூடும். ஒன்று வற் எனப்படும் பெறுமதி சேர் வரி. இது 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதமாக உள்ளது. மற்றையது 2022 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த, 2.5 சதவீதமான சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி. "வற் நீங்கலாக" என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டாவது வரி விலைக்குள் அடங்கியிருக்கலாம், அடங்காமலும் இருக்கலாம். "வரிகள் நீங்கலாக" என்று பொதுவாக எழுதியிருந்தால் இரண்டுமே மேலதிகமாக வரும் என்று எண்ணிக்கொண்டு, நிறுவனத்திடம் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்வதே பாதுகாப்பானது.

இனி உதாரணத்துக்கு வருவோம். முதலாவது நிறுவனம் ஒலியமைப்புக்கு 180,000 ரூபா, மேடை விளக்குகளுக்கு 120,000 ரூபா, திரைக்கு 100,000 ரூபா என மொத்தம் 400,000 ரூபா குறிப்பிட்டு, அதில் 5 சதவீதம் விலைக்கழிவு தருவதாகவும், ஏற்றி இறக்குவதற்கு 10,000 ரூபா தனியே அறவிடுவதாகவும், வரிகள் நீங்கலானவை என்றும் எழுதியிருக்கிறது என வைத்துக்கொள்வோம்.

விலைக்கழிவை எப்போதும் வரிக்கு முன்னரே கழிக்க வேண்டும். 400,000 இலிருந்து 20,000 கழிய 380,000. அதன் பின்னர் ஏற்றியிறக்கும் கூலியைச் சேர்த்தால் 390,000. கூலிக்கு வரி இல்லை என்று பலர் நினைத்து அதைக் கடைசியில் சேர்க்கிறார்கள். அதே நிறுவனம் அதே வேலையின் பகுதியாக அறவிடும் கூலியும் வரிக்குரிய தொகைக்குள் வரும் என்று எடுத்தே கணிக்க வேண்டும். திருப்பித் தரப்படும் பிணைத்தொகை மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதற்குரிய பணத்தைத் தனியே ஆயத்தமாக வைத்திருந்தால் போதும்.

அடுத்து உதவுதொகை வரி. இங்கேதான் தொடக்கநிலையில் உள்ளவர்கள் குழம்புகிறார்கள், ஏனெனில் பல கொட்டேசன்களில் 2.5 என்பதற்குப் பதிலாக 2.5641 சதவீதம் என்று எழுதப்பட்டிருக்கும். அது தவறு அல்ல. இந்த வரி விற்பவரின் விற்றுமுதல் மீது விதிக்கப்படுவது. வாங்குபவரிடம் அதை அறவிடும்போது, அறவிட்ட தொகையும் விற்றுமுதலின் பகுதியாகிவிடுகிறது. எனவே 390,000 ஐ 0.975 ஆல் வகுக்கிறார்கள், விடை 400,000. அந்த 400,000 இன் 2.5 சதவீதம் 10,000 என்பதால் கணக்கு பொருந்துகிறது. நிறுவனம் நேரடியாக 2.5 சதவீதம் என்று போட்டிருந்தால் 9,750 ரூபா மட்டுமே வரும். பொருட்களைச் சில்லறையாக விற்பவர்களுக்கு விற்றுமுதலின் ஒரு பகுதி மீதே இந்த வரி கணிக்கப்படுவதால் வீதம் இதைவிடக் குறைவாக இருக்கும். ஆகவே மனதில் உள்ள வீதத்தை அல்ல, தாளில் உள்ள வீதத்தையே பயன்படுத்துங்கள். தாளில் இல்லையெனில் கேளுங்கள்.

கடைசியாக வற். இது உதவுதொகை வரியும் சேர்ந்த தொகையின் மீது கணிக்கப்படுகிறது: 400,000 இன் 18 சதவீதம் 72,000. ஆகவே செலுத்த வேண்டிய தொகை 472,000 ரூபா. 390,000 என்று கண்ணில் பட்ட தொகை 82,000 ரூபாவால் உயர்ந்துவிட்டது. இரு வீதங்களையும் கூட்டி 20.5 சதவீதம் என்று ஒரே தடவையில் கணித்தால் 469,950 மட்டுமே வரும், 2,050 ரூபா குறையும். வற்றை மட்டும் சேர்த்தால் 460,200 தான் வரும். எக்செலில் வரிக்கு முந்திய தொகையை A1 கட்டத்தில் இட்டு, இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தலாம்:

```
=ROUND(A1/0.975*1.18,2)
```

இப்போது இரண்டாவது நிறுவனத்தின் கொட்டேசனை எடுத்துக்கொள்வோம். அதே வேலைக்கு 455,000 ரூபா, சகல வரிகளும் உட்பட என்று அது எழுதியிருக்கிறது. தாள்களை அருகருகே வைத்தால் 390,000 மலிவாகத் தெரியும். ஆனால் உண்மையில் இரண்டாவதே 17,000 ரூபா குறைவு. ஒப்பிடுவதற்கு முன் எல்லாக் கொட்டேசன்களையும் ஒரே நிலைக்கு, அதாவது சகல வரிகளும் சேர்ந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எனினும் வாங்குபவர் வற்றுக்குப் பதிவுசெய்த நிறுவனமாக இருந்தால் இந்த முடிவு மாறக்கூடும். எங்கள் சங்கம் போன்ற பதிவில்லாத வாங்குபவருக்குக் கொடுத்த வற் முழுவதும் செலவே. பதிவுசெய்த நிறுவனமோ, வரிக்குரிய தன் தொழிலுக்காக வாங்கியதற்குச் செலுத்திய வற்றை, உரிய வரி விலைப்பட்டியல் இருந்தால், தான் செலுத்த வேண்டிய வற்றிலிருந்து பொதுவாகக் கழித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவருக்கு முதலாவது நிறுவனத்தின் உண்மையான செலவு 400,000 மட்டுமே. இரண்டாவது நிறுவனம் பதிவுசெய்தது என்றால் 455,000 ஐ 1.18 ஆல் வகுக்க 385,593.22 வரும், ஆகவே அதுவே மலிவு. அது பதிவில்லாத நிறுவனம் என்றால் கழிப்பதற்கு வற் எதுவும் இல்லை, 455,000 முழுவதும் செலவாகிவிடும். அப்போது முதலாவதே மலிவாகிறது. உட்பட்ட தொகையிலிருந்து வற்றைப் பிரிப்பதற்கு 455,000 இன் 18 சதவீதத்தைக் கழிப்பது பெரும் பிழை. அப்படிச் செய்தால் 69,406.78 ஆக வர வேண்டிய வற் 81,900 ஆகத் தோன்றும்.

பதிவு இருக்கிறதா என்பதை அறிய, கொட்டேசனில் வற் இலக்கத்தைத் தேடுங்கள். அது ஒன்பது இலக்கங்களும் அவற்றைத் தொடர்ந்து 7000 என்ற முடிவும் கொண்டிருக்கும். இலக்கம் இல்லாமல் வற் கேட்டால், உள்நாட்டு இறைவரித் திணைக்களம் வழங்கிய பதிவுச் சான்றிதழின் பிரதியைக் கோருங்கள். பதிவு செய்யாதவர் வற் அறவிட முடியாது.

கொட்டேசனின் செல்லுபடிக் காலத்தையும் பாருங்கள். வற் 15 இலிருந்து 18 சதவீதமாக உயர்ந்த வேளையில், 2023 டிசம்பரில் பெற்ற விலையை வைத்து ஜனவரியில் நடக்கும் வேலைக்குத் திட்டமிட்டவர்கள், வரிக்கு முந்திய விலை மாறாதிருந்தும் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருந்தது. "நடைமுறையில் உள்ள வீதத்தின்படி வரி சேரும்" என்ற வாசகம் இந்த நிலைமைக்காகவே எழுதப்படுகிறது.

இவற்றைத் தெளிவுபடுத்திய பின்னர், உறுதிப்படுத்தும் கடிதத்தில் நான் இப்போது, முதலாவது நிறுவனத்தைத் தெரிவுசெய்ததாக வைத்துக்கொண்டால், இவ்வாறு எழுதுகிறேன்: "விலைக்கழிவு, ஏற்றியிறக்கும் கூலி, சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி, 18 சதவீத வற் ஆகிய யாவும் உட்பட நாங்கள் செலுத்த வேண்டிய மொத்தத் தொகை 472,000 ரூபா என்ற அடிப்படையில் இந்த வேலையை ஒப்படைக்கிறோம், முற்பணம் இந்தத் தொகையின் அரைவாசியாகிய 236,000 ரூபா ஆகும்." அதற்கு நிறுவனம் எழுத்தில் சம்மதம் அனுப்பிய பின்னரே முற்பணத்துக்கான காசோலையில் கையெழுத்திடுகிறேன்.