தருமபுரிக்காரர் முட்டி வலி என்றால் ஃபுளோரைடுதானா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அது முக்கியக் காரணம். அதனால் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் முட்டி வலியோடு வந்தால், "போர் தண்ணி குடிச்சிருப்பீங்க, அதான்" என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். மாவட்டத்தின் கணக்கை ஓர் ஆளின் உடம்பில் ஏற்றும் இந்தத் தவறுக்குப் புள்ளியியலில் 'எக்கலாஜிக்கல் ஃபாலசி' என்று பெயர்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் ஊரில் 100 பேர். போர் தண்ணீர் குடிப்பவர்கள் 50, முட்டி வலி உள்ளவர்கள் 30. இரண்டாவது ஊரிலும் 100 பேர், போர் தண்ணீர் 10, முட்டி வலி 20. போர் தண்ணீர் கூடினால் வலியும் கூடுவது போலத்தானே தெரிகிறது?

சரி, முதல் ஊரில் போர் தண்ணீரும் குடித்து, வலியும் உள்ளவர்கள் எத்தனை பேர்? 30 பேராகவும் இருக்கலாம், ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம். மொத்த எண்ணிக்கைகள் இரண்டை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது. வீடு வீடாகக் கேட்டபோது, வலி உள்ள 30 பேரில் 15 பேர் போர் தண்ணீர், 15 பேர் குழாய்த் தண்ணீர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 50 பேருக்கு 15 பேர்தான். இரண்டாவது ஊரிலும் அப்படியே: போர் குடிக்கும் 10 பேரில் 2, மற்ற 90 பேரில் 18. ஊருக்குள்ளே தண்ணீரால் வித்தியாசமே இல்லை. அப்புறம் முதல் ஊரில் ஏன் வலி அதிகம்? இளவட்டமெல்லாம் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய், ஊரில் வயதானவர்களே மிஞ்சியிருந்தால் போதும்.

ஃபுளோரைடு எலும்பைப் பாதிக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரை அது பாதித்திருக்கிறதா என்பதை அவரிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தத் தண்ணீரை, எத்தனை வருடம் குடித்தார்? அந்தப் போர் தண்ணீரைச் சோதித்தால் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறதா? சிறுவயதில் எங்கே இருந்தார்? ஃபுளோரைடால் பல்லில் கறை வருவது, சிறுவயதில் எனாமல் உருவாகும்போது அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தால் மட்டுமே. கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணின் பல் வெள்ளையாக இருக்கலாம். அதை வைத்து எலும்புப் பாதிப்பு இல்லை என்று தள்ளிவிடக் கூடாது. முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்த்தால் நல்ல துப்பு கிடைக்கும்.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். ஃபுளோரைடு குறைவான வட்டாரம் என்று பட்டியலில் இருக்கும். ஆனால் ஒரே தெருவில் இரண்டு போர்களின் அளவு வேறாக இருக்கலாம். அந்தப் பட்டியலைப் பார்த்துத் தண்ணீரைச் சோதிக்காமல் விட்டால், உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர் வெறும் வலி மாத்திரையோடு வீட்டுக்குப் போய், அதே போர் தண்ணீரைத்தான் மறுபடியும் குடிப்பார்.