கணக்கில் விடுபட்டது எது?

கம்பம் சந்தையில் தக்காளி கிலோ 20 ரூபாய், முருங்கைக்காய் கிலோ 50 ரூபாய். இரண்டும் சேர்த்து 1,900 ரூபாய்க்கு வாங்கி ஒரு வியாபாரி குமுளிக்கு ஏற்றுகிறார். தக்காளி எத்தனை கிலோ?

பிள்ளை மணிக்கணக்காக முட்டினாலும் இதற்கு ஒரே விடை வராது. தக்காளி x கிலோ, முருங்கை y கிலோ என்றால் கையில் இருப்பது ஒரே சமன்பாடு: 20x + 50y = 1900. தக்காளி 20, முருங்கை 30 கிலோ என்று போட்டுப் பாருங்கள், சரியாக வரும். 45, 20 என்று போட்டாலும் வரும். இப்படி இரண்டு விடை பொருந்திவிட்டால் கணக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது. தப்பு பிள்ளையுடையது அல்ல.

"தகவல் போதாது" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பொருந்திய இரண்டு விடைகளும் எதில் வேறுபடுகின்றன என்று பாருங்கள். முதலாவதில் மொத்த எடை 50 கிலோ, அடுத்ததில் 65. ஆக, "இரண்டும் சேர்ந்து எத்தனை கிலோ என்று தரப்படவில்லை" என்று எழுதலாம். 50 என்று தந்தால் தக்காளி 20 கிலோதான். முருங்கையின் எடையை மட்டும் தந்தாலும் போதும்.

ஆனால் "இரண்டையும் இருமடங்கு வாங்கினால் 3,800 ரூபாய்" என்ற வரி உதவாது. அது பழைய சமன்பாட்டையே இரண்டால் பெருக்கியது. 45, 20 அதற்கும் பொருந்தும்.