தூக்கம் பற்றிய பேச்சை எப்படித் தொடங்குவது: கேள்வியா, கதையா, வியப்பூட்டும் தகவலா?

மேடையில் தூக்கத்தைப் பற்றி ஐந்தாறு நிமிடம் பேச வேண்டும், எப்படித் தொடங்குவது என்று பிடிபடவில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்கான பதிவு இது. ஒரே பேச்சுக்கு மூன்று விதமான தொடக்கங்களையும் எழுதி, சத்தமாகப் பேசிப் பார்த்து, பிறகுதான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். குரல், கை அசைவு, உடை பற்றியெல்லாம் இங்கே எதுவும் கிடையாது.

படி 1: சொல்ல வந்ததை ஒரே வரியில் எழுதுங்கள்

தொடக்க வரியை யோசிக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். "தூக்கம் முக்கியம்" என்று எழுதினால் எந்தத் தொடக்கமும் அதற்குப் பொருந்திவிடும், அதனால் தேர்ந்தெடுக்க வழியே இருக்காது. நான் எழுதியது இது: "தூக்கம் குறைந்தால் கவனம் குறைகிறது, ஆனால் குறைந்தது நமக்கே தெரிவதில்லை." இரண்டாவது பாதியை மனதில் வையுங்கள். மூன்று தொடக்கங்களையும் அதை வைத்துத்தான் எடைபோடப் போகிறோம்.

படி 2: கேள்வி

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" என்பதுதான். இது வேண்டாம். சபையில் ஒருவர் "நாலு" என்பார், இன்னொருவர் "நான் மூணு" என்பார், குறைவாகத் தூங்குவது பெருமை என்ற போட்டி தொடங்கிவிடும். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிரான இடம் அது.

ஒவ்வொருவரும் மனதுக்குள் மட்டும் பதில் சொல்லிக்கொள்ளும் கேள்வியாகக் கேளுங்கள். "இன்று காலை அலாரம் அடிக்காமல் போயிருந்தால், எழுந்த அதே நேரத்துக்கு எழுந்திருப்பீர்களா?" கை உயர்த்தச் சொல்ல வேண்டாம். கேட்டுவிட்டு மூன்று நொடி பேசாமல் நில்லுங்கள். மனதுக்குள் மூன்று வரை எண்ணினால் சரியாக இருக்கும்.

இந்தக் கேள்வி "எனக்குத் தூக்கம் போதவில்லையோ" என்று நினைக்க வைக்கும். ஆனால் "குறைந்தது தெரிவதில்லை" என்ற இடம் வரை கூட்டிப்போகாது. பாதி வழியில் நின்றுவிடும்.

படி 3: வியப்பூட்டும் தகவல்

1997-ல் நேச்சர் இதழில் டாசன், ரீட் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கண்ணும் கையும் ஒத்துழைக்க வேண்டிய ஒரு சோதனையில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் செயல்பாடு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பதினொன்றுக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது! சபை நிமிர்ந்து உட்காரும்.

ஆனால் இது ஒரே நாளில் நீண்ட நேரம் விழித்திருப்பதைப் பற்றிய தகவல். நம் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமானது 2003-ல் வான் டாங்கன் குழு வெளியிட்ட ஆய்வு. இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் படுக்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் ஓர் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் நிலைக்கு வந்தது. அவர்களுக்கோ அந்தச் சரிவு பெரும்பாலும் தெரியவே இல்லை. நம் வரியின் இரண்டு பாதியும் இதில் இருக்கின்றன. குறை ஒன்றுதான்: விளக்கிச் சொல்ல அரை நிமிடத்துக்கு மேல் ஆகும், காதில் விழுவதெல்லாம் எண்களாக இருக்கும். முதல் நிமிடத்தில் எண்கள் சபையின் மனதில் தங்குவதில்லை.

படி 4: கதை

அமெரிக்காவின் சான் டியாகோவைச் சேர்ந்த ராண்டி கார்ட்னர், 17 வயதுப் பையன். 1963 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1964 ஜனவரி வரை 11 நாள், சுமார் 264 மணி நேரம், தூங்காமல் இருந்தான். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கான சோதனை அது.

இதைப் பெரும்பாலும் "11 நாள் தூங்காத பையன்" என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சாதனையைச் சொன்னவுடன் சபை அவனைப் பாராட்டத் தொடங்கிவிடும். கதையின் உயிர் கடைசி நாளில் இருக்கிறது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். 65-ல் நின்றுவிட்டான். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்கு, என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே மறந்துவிட்டதாகச் சொன்னான்.

அங்கிருந்து தொடங்குங்கள்:

"ஒரு பையனிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். 93. 86. 79. 72. 65. அப்புறம் அமைதி. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்கள். என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது என்றான். அவன் தூங்கி 11 நாள் ஆகியிருந்தது."

எண்களை மெதுவாகச் சொல்லுங்கள். சபையும் கூடவே கழித்துப் பார்க்கும். அதனால் அவன் நின்ற இடத்தில் அவர்களும் நிற்பார்கள்.

படி 5: பால வரி

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தொடக்கம் நன்றாக அமைந்தும் பேச்சு தொய்ந்தால், பெரும்பாலும் தொடக்கத்துக்கும் சொல்ல வந்ததற்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு வரிதான் சரியில்லை என்று அர்த்தம். "சரி, இப்போது தூக்கத்தைப் பற்றிப் பார்ப்போம்" என்று சொல்ல வேண்டியிருந்தால் பாலம் இல்லை. கதை ஒரு கரையில், பேச்சு மறுகரையில்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. தொடக்கத்தின் கடைசி வாக்கியத்தையும் படி 1-ல் எழுதிய வரியையும் அடுத்தடுத்துச் சத்தமாகச் சொல்லுங்கள். நடுவில் விளக்கம் தேவைப்படுகிறதா என்று கவனியுங்கள்.

கேள்விக்கு: "எழுந்திருக்க மாட்டீர்கள் என்றால் தூக்கம் போதவில்லை. ஆனால் போதாததன் விளைவு உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால்..." இழுக்கிறது. 17 மணி நேரத் தகவலுக்கு: "இரவு பதினொன்றுக்கு உங்கள் கவனம் இறங்கியிருக்கிறது. அது உங்களுக்குத் தெரிவதில்லை." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த ஆய்வு அளந்தது செயல்பாட்டை; தெரிகிறதா தெரியவில்லையா என்பதை நான் சொன்னபடி அது காட்டவில்லை. அப்படி ஒட்டவைத்தால் விவரம் தெரிந்த ஒருவர் கையைத் தூக்குவார். கதைக்கு: "11 நாள் எல்லாம் நாம் விழித்திருப்பதில்லை. ஆனால் 65-ல் நின்றுபோகும் அந்தக் கணம் நமக்கும் வருகிறது, வந்தது தெரியாமலே." இங்கே விளக்கமே வேண்டாம்.

ஆகவே இந்தப் பேச்சுக்கு என் தேர்வு கதை. 2003 ஆய்வு பேச்சின் நடுவில் ஆதாரமாகப் போகும். 11 நாளிலிருந்து தினசரி ஆறு மணி நேரத்துக்கு இறக்கிக் கொண்டுவருவது அதுதான். அலாரம் கேள்வி கடைசிப் பகுதிக்கு. மூன்றையும் தொடக்கத்திலேயே அடுக்காதீர்கள். ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும்.

படி 6: பதிவு செய்து கேளுங்கள்

கைபேசியின் குரல் பதிவு போதும். கண்ணாடி முன் நின்று பழகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், முகத்தைப் பார்ப்பதிலேயே கவனம் போய்விடும். தொடக்கமும் பால வரியும் சேர்ந்து 45 நொடிக்குள் முடிய வேண்டும். தொடக்கத்துக்கு ஸ்லைடும் வேண்டாம். திரையில் "65" தெரிந்துவிட்டால் அந்த அமைதிக்கு வேலை இல்லை.

சேர்க்கை: இதைப் பயன்படுத்திய ஒரு வாசகரிடம் சபையில் ஒருவர், "11 நாள் தூங்காமலும் பையன் நன்றாகத்தானே இருந்தான்?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. சோதனை முடிந்ததும் அவன் சுமார் 14 மணி நேரம் தூங்கி எழுந்தான் என்பது உண்மைதான், அதை மறைக்காதீர்கள். ஆனால் அந்த நாட்களில் நினைவு தவறியதும், எரிச்சல் கூடியதும், இல்லாதவை தெரிந்ததும் பதிவாகியிருக்கின்றன. "பிழைத்தானா என்பதல்ல, கழித்தலை முடித்தானா என்பதுதான் இங்கே கேள்வி" என்று சொல்லி நேராக 2003 ஆய்வுக்குப் போய்விடுங்கள். சிறுவர்கள் அதிகமுள்ள சபை என்றால், யாரும் இதை வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். இப்படி விழித்திருக்கும் சாதனைகளை கின்னஸ் இப்போது ஏற்பதில்லை என்பதையும் கூடவே சொல்லலாம்.