காசநோய் வீட்டு விசிட்: நர்சிங் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்யூனிட்டி போஸ்டிங் முடிந்து மாணவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் காசநோய் கேஸ் ஸ்டடிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நாங்கள் படிக்கும்போது செய்த அதே தவறுகள் அப்படியே வருகின்றன, கையெழுத்துதான் வேறு. மாஸ்க் போடவில்லை, நோயாளியின் பெயர் தப்பு, பிபி எழுத மறந்துவிட்டது என்பதையெல்லாம் உங்கள் டியூட்டர் பார்த்துக்கொள்வார். பேப்பரில் குறையே தெரியாமல், வீட்டில் ஆளைக் கெடுக்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ரேஷன் கார்டைப் பார்த்து கான்டாக்ட் லிஸ்ட் எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

ஒரு கேஸைச் சொல்கிறேன். விசைத்தறி ஓட்டுபவர், ஐம்பதைத் தாண்டிய வயது, எடை 41 கிலோ, சளியில் கிருமி இருப்பது உறுதியாகி செப்டம்பர் முதல் வாரம் சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள். மாணவி வீட்டுக்குப் போய், "வீட்டுல எத்தனை பேருங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்தம்மா உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்துவந்து நீட்டியிருக்கிறார். கார்டில் நான்கு பெயர்: அவர், மனைவி, இரண்டு பையன்கள். நோயாளியைக் கழித்தால் கான்டாக்ட் மூன்று. மூன்று பேருக்கும் இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, இரவில் வியர்ப்பதில்லை. ஃபாரம் நிறைந்துவிட்டது, மேலே "முடிந்தது" என்று டிக்கும் விழுந்துவிட்டது.

இதில் மூத்த பையன் ஒரு வருடத்துக்கு மேலாகத் திருப்பூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறான், பண்டிகைக்குக்கூட வரவில்லை. அவனுக்கு அறிகுறி இல்லை என்று யார் பார்த்துச் சொன்னது? அம்மாதான் சொன்னார். சரி, அது சின்ன தப்பு. பெரிய தப்பு, கார்டில் இல்லாதவர்களைப் பற்றியது. கல்யாணமாகி பெயர் புகுந்த வீட்டுக் கார்டுக்கு மாறிப்போன மகள் பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்து, ஏப்ரல் கடைசியில் குழந்தை பெற்று, ஜூலை கடைசியில்தான் திரும்பிப் போயிருக்கிறாள். வீடு ஒரே அறை, முன்னால் ஒரு திண்ணை. பச்சைக் குழந்தைக்குக் காற்று படக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, தாத்தா உட்பட எல்லோரும் அந்த ஒரே அறையில் படுத்திருக்கிறார்கள். தாத்தாவுக்கு அப்போதே இருமல், புகையிலை இருமல் என்று விட்டுவிட்டார்கள்.

நவம்பரில் அந்தக் குழந்தையைக் காய்ச்சலோடு ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எடை இரண்டு மாதமாக ஏறவே இல்லை. வீட்டில் யாருக்காவது டிபி உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு, மாமியார் வீட்டில் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யும் இல்லை, அவர்கள் வீட்டில் யாருக்கும் இல்லைதான். அவ்வளவு சின்னக் குழந்தையால் சளி துப்ப முடியாது, வயிற்றிலிருந்து திரவம் எடுப்பது போன்ற வேறு வழியில்தான் சோதிக்க வேண்டும். அதற்கு முதலில் டாக்டருக்குச் சந்தேகம் வர வேண்டும். அதிலேயே பல நாள் போனது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் தடுப்பு மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது, ஆறு மாத முழுச் சிகிச்சையில் போய் நின்றது.

கேள்வி தப்பாக இருந்தால் பதிலும் தப்பாகத்தான் வரும். வீட்டுக் கான்டாக்ட் என்பதற்கு இன்று வீட்டில் இருப்பவர் என்று அர்த்தமில்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தில், நோயாளியோடு ஒரே அடைப்பான இடத்தில் ஒரு இரவாவது தங்கியவர், அல்லது பகலில் அடிக்கடியோ நீண்ட நேரமோ கூட இருந்தவர். செப்டம்பரில் சிகிச்சை என்றால் ஜூன் வரைக்கும் பின்னால் போக வேண்டும். அதற்கு முன்பே இருமல் தொடங்கியிருந்தால் அதையும் கேட்டுக் குறித்து, டாக்டரிடமோ டிபி சூப்பர்வைசரிடமோ சொல்லுங்கள்.

இதற்கு அடிப்படையான ஒரு பழைய ஆய்வு நம் சென்னையிலேயே நடந்தது. 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான்) வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களையும் சானடோரியத்தில் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. நோயாளியை வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்ததால் அந்தக் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் வரவில்லை. பெரும்பாலும் தொற்று நடப்பது, நோய் என்னவென்று தெரிவதற்கு முந்தைய நாட்களில். அப்படியிருக்க மாத்திரை ஆரம்பித்த பிறகு போய், இன்றைக்கு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் எண்ணினால் எப்படி?

நான் இப்போது மாணவர்களைக் கேட்கச் சொல்வது இதுதான். ரேஷன் கார்டை ஓரமாக வைத்துவிட்டு, தேதியை அவர்களுக்குத் தெரிந்த ஒரு நாளோடு சேர்த்துச் சொல்லுங்கள்: "பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்து இந்த வீட்டுல ராத்திரி யார் யார் படுத்தாங்க? ஊருல இருந்து யாராச்சும் வந்து தங்குனாங்களா? டிவி பாக்க, டியூஷனுக்குன்னு தினம் வர்ற பிள்ளைங்க உண்டா?" அப்புறம் நோயாளியைத் தனியாக வைத்துக்கொண்டு வேலை செய்யும் இடத்தைக் கேளுங்கள். மேலே சொன்னவர் நைட் ஷிப்ட்காரர். பட்டறையின் மூலையில் அவரோடு இன்னும் இரண்டு பேர் தூங்கி எழுவார்கள் என்பது மனைவிக்கே தெரியாது.

கிடைத்த பெயர்களில் முதலில் பார்க்க வேண்டியது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், எச்ஐவி உள்ளவர்கள். சின்னக் குழந்தைக்கு இருமலை மட்டும் கேட்காதீர்கள், எடை ஏறுகிறதா, விளையாட்டு குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். அம்மா சொல்வதை மட்டும் நம்பாமல் தடுப்பூசி அட்டையில் எடையைப் பாருங்கள். நோய் இல்லை என்று டாக்டர் உறுதி செய்துவிட்டால் தடுப்பு சிகிச்சை தொடங்க வேண்டும். ஆறு மாதம் தினமும் ஐசோநியாசிட், குழந்தைகளுக்குக் கிலோவுக்குச் சுமார் 10 மில்லிகிராம், அதாவது 6 கிலோ குழந்தைக்கு ஏறக்குறைய 60. அளவை எழுதுவது டாக்டர் வேலை, ஆனால் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "பிசிஜி போட்டாச்சே" என்று பாட்டி சொல்வார். போட்டிருந்தாலும் மாத்திரை வேண்டும். அறிகுறியே இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, எக்ஸ்ரே வசதி இல்லை என்பதற்காகத் தடுப்பு சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

மகள் வேறு ஊரில் இருக்கிறாள் என்றால் லிஸ்டில் அவளை விட்டுவிடக் கூடாது. அவள் இருக்கும் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிபி சூப்பர்வைசர் வழியாகத் தகவல் போக வேண்டும். ஆனால் நீங்களாக அவள் மாமியார் வீட்டுக்கு போன் போட்டு, "உங்க சம்பந்திக்கு டிபி" என்று சொல்லி வைக்காதீர்கள். முதலில் அவளிடம் பேசி, குழந்தையைத் தடுப்பூசி நாளிலேயே காட்டிவிடலாமா என்று கேளுங்கள். அந்த நாளில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் வராது. எண்ணிப் பாருங்கள்.

அதே தறிக்காரரையே எடுத்துக்கொள்வோம். 35 முதல் 49 கிலோ வரை நாளுக்கு 3 கூட்டு மாத்திரை, ஆக 28 நாளைக்கு 84. பதினெட்டு நாள் கழித்துப் போகும்போது 54 தீர்ந்து 30 மிச்சம் இருக்க வேண்டும். அவர் வீட்டில் 48 இருந்தது. 18 மாத்திரை அதிகம். மாணவி உடனே கணக்குப் போட்டு, "ஆறு நாள் விட்டுட்டார் மேடம்" என்றார். கணக்கு சரிதான். ஆனால் நாளுக்கு ஒன்று வீதம் பதினெட்டு நாளும் குறைத்திருந்தாலும் அதே 18தான் மிச்சமாகும். இரண்டுக்கும் நீங்கள் பேச வேண்டியது வேறு வேறு.

எப்படித் தெரிந்துகொள்வது? "இன்னைக்குக் காலைல எத்தனை போட்டீங்க, எப்பப் போட்டீங்க, என்ன சாப்பிட்டீங்க?" என்று நடந்ததைக் கேட்க வேண்டும். அவர் சொன்னது: "மூணு போட்டா தறிகிட்ட நிக்க முடியலீங்க, வாந்தி வருது. ரெண்டு போட்டா ஒண்ணும் பண்றதில்லீங்க." ஒரு நாள்கூட அவர் விடவில்லை. அவர் பார்வையில் ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறார். ஆனால் மூன்று மாத்திரையிலும் நான்கு மருந்தும் கலந்திருக்கிறது, ஒன்றைக் குறைத்தால் நான்குமே குறையும். குறைந்த அளவில் மருந்து ஓடிக்கொண்டே இருந்தால் கிருமி முழுதாகச் சாகாது, எதிர்ப்பும் உருவாகலாம். இவரிடம் போய் "விடாம சாப்பிடுங்க" என்று அறிவுரை சொன்னால் தலையாட்டிவிட்டு மறுநாளும் இரண்டுதான் போடுவார். டாக்டரிடம் கேட்டு, லேசாகச் சாப்பிட்டுவிட்டு மூன்றையும் படுக்கும் நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நைட் ஷிப்ட் ஆள் என்பதால் அவருக்குப் படுக்கும் நேரம் காலை எட்டு மணி, அதையும் கார்டில் எழுதி வைத்தோம். வாந்தி நின்றது.

இன்னொன்று. நீங்கள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் சிலர் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எறிந்துவிடுவார்கள். எண்ணிக்கை அச்சு அசலாகச் சரியாக இருந்து, எடை மட்டும் ஏறாமல் இருமலும் குறையாமல் இருந்தால், எண்ணிக்கையை நம்பாதீர்கள். சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், சளியை மறுபடி பார்க்க வேண்டியிருக்கலாம்.

எல்லா வாந்தியும் ஒன்றில்லை

கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து, சாப்பாடே பிடிக்கவில்லை என்றால் "போகப் போகச் சரியாகிடும்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள், அன்றே டாக்டரிடம் அனுப்புங்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சாகப் போவது வேறு. அதை முதல் நாளே சொல்லிவிட்டால் பயந்து நிறுத்த மாட்டார்கள். பச்சை, சிவப்பு வித்தியாசம் மங்கினாலும் அன்றே அனுப்ப வேண்டும், எதாம்பியூட்டால் காரணமாக இருக்கலாம்.

தனித் தட்டு, தனி டம்ளர்

தட்டில் பரவாது. ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள்.

தெருவில் நின்று "டிபி வீடு எதுங்க?" என்று கேட்பது

கேட்காதீர்கள்.

போஸ்டிங் முடிந்ததும் கேஸும் முடிந்தது என்று நினைப்பது

உங்களுக்குச் சில வாரம், அவருக்கு ஆறு மாதம். கடைசி நாளில் டிபி ஹெல்த் விசிட்டரிடமோ கிராம செவிலியரிடமோ நேரில் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு தாளில் இவ்வளவு இருந்தால் போதும்: இன்று எண்ணிய மாத்திரை எத்தனை, இன்றைய எடை, இரண்டாம் மாத முடிவில் சளி எடுக்க வேண்டிய தேதி, லிஸ்டில் இருந்தும் இன்னும் நேரில் பார்க்காதவர்களின் பெயர், அவர்களை எந்த நேரத்தில் எங்கே போனால் பிடிக்கலாம் என்பது. பட்டறைக்காரர்கள் இரண்டு பேருக்கும் காலை ஏழரை மணி, ஷிப்ட் விடும்போது எதிர் டீக்கடை என்று அந்த மாணவி எழுதியிருந்தார். மறுவாரம் ஹெல்த் விசிட்டர் அங்கேயே போய் இருவரையும் பார்த்து, எக்ஸ்ரேவுக்கு அனுப்பினார்.