வால்ஹைம் சர்வர்: காசையும் பொழுதையும் தின்னும் தவறுகள்

நண்பர்களோடு வால்ஹைம் ஆட புதிதாக சர்வர் வைப்பவர்களுக்கு அவ்வப்போது உதவி செய்கிறேன். ஆட்கள் மாறினாலும் சிக்கல்கள் மாறுவதில்லை. கடவுச்சொல் ஐந்து எழுத்துக்குக் குறைந்தால் சர்வர் கிளம்பாது, கேம் அப்டேட் ஆனால் சர்வரையும் அப்டேட் செய்ய வேண்டும் என்பதெல்லாம் திரையிலேயே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். திரையில் தெரியாமல் பணத்தையும் ஆட்டத்தையும் கெடுப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

தேவையா என்று பார்க்காமல் வாடகைக்கு எடுப்பது

வால்ஹைமில் அதிகபட்சம் பத்துப் பேர் சேர்ந்து ஆடலாம். ஒருவர் தன் கணினியில் உலகத்தைத் திறக்கும்போது 'Start server' பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் போதும், மற்றவர்கள் உள்ளே வந்துவிடலாம். செலவு எதுவும் இல்லை. அவர் ஆடாத நேரத்தில் யாரும் உள்ளே போக முடியாது என்பதுதான் குறை.

அதனால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: ஹோஸ்ட் இல்லாத நேரத்தில் தனியாகப் போய் மரம் வெட்டவோ வீடு கட்டவோ உங்கள் குழுவில் யாருக்காவது ஆசை இருக்கிறதா? சனி, ஞாயிறு இரவு எல்லோரும் ஒன்றாக மட்டும்தான் ஆடுவீர்கள் என்றால் வாடகை சர்வர் வேண்டாம். ஆளுக்கொரு நேரம் ஓய்வு கிடைக்கும் குழுவுக்குத்தான் அது உதவும்.

வீட்டில் சும்மா இருக்கும் பழைய கணினியிலும் ஓட்டலாம். சர்வர் மென்பொருள் ஸ்டீமில் இலவசம். ஆனால் மின்சாரத்தைக் கணக்கில் சேருங்கள். 60 வாட் இழுக்கும் கணினி இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 43 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 86 யூனிட் கூடும்போது, அது உங்களை அடுத்த கட்டண அடுக்குக்குத் தள்ளுகிறதா என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். தள்ளினால் வாடகையோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரவுட்டரோடு மல்லுக்கட்டுவது

வீட்டுக் கணினியில் சர்வர் ஓட்டி, போர்ட் ஃபார்வர்டிங் செய்து 2456, 2457 இரண்டையும் திறந்துவிட்டும் யாராலும் உள்ளே வர முடியவில்லை என்றால், ரவுட்டர் பக்கத்தில் WAN முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு வீட்டுக்குள் வராது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பயனில்லை. `-crossplay` சேர்த்து ஓட்டுங்கள்:

```
valheim_server -nographics -batchmode -name "Veedu" -port 2456 -world "Veedu" -password "mazhai77" -crossplay -saveinterval 600
```

இதற்கு எந்த போர்ட்டும் திறக்க வேண்டாம். சர்வர் ஒரு எண்ணைக் காட்டும், நண்பர்கள் அதைப் போட்டு உள்ளே வரலாம். தரவு இடையில் இன்னொரு இடம் வழியாகப் போவதால் பிங் கொஞ்சம் கூடலாம். எல்லோரும் ஸ்டீமில் ஆடி, பொது முகவரியும் இருந்தால் இது வேண்டாம்.

லேக் அடித்தால் பெரிய சர்வர் வாங்குவது

இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் வீணாவது நண்பர்கள் பிரித்துப் போட்ட பணம்.

எனக்குத் தெரிந்த ஐந்து பேர் குழு ஒன்று. நான்கு பேருக்கு ஃபைபர், ஒருவர் ஊரில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடுபவர். கதவைத் திறந்தால் இரண்டு நொடி கழித்துத் திறக்கும். பெட்டியைத் தொட்டால் எதுவும் நடக்காது. ட்ரோல் இங்கே நிற்கும், அடுத்த கணம் பின்னால் நின்று அடிக்கும். வாடகை கொடுத்த நிறுவனத்திடம் கேட்டார்கள். கூடுதல் ரேம் உள்ள திட்டத்துக்கு மாறுங்கள் என்று பதில் வந்தது. மாறினார்கள். லேக் அப்படியே இருந்தது. மறுபடி அதற்கும் மேல் ஒரு திட்டம். அப்போதும் அப்படியே.

வால்ஹைமில் சர்வர் ட்ரோலை நடக்க வைப்பதில்லை. ஒரு பகுதிக்குள் முதலில் நுழையும் ஆட்டக்காரரின் கணினிதான் அந்தப் பகுதியின் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. அங்குள்ள விலங்குகள், எதிரிகள், உடையும் பொருள்கள் எல்லாவற்றையும் அந்தக் கணினி கணக்கிட்டு அனுப்புகிறது. சர்வர் அதை வாங்கி மற்றவர்களுக்குக் கொடுக்கிறது, உலகத்தைச் சேமிக்கிறது. அவ்வளவுதான். ஆக, ஹாட்ஸ்பாட்காரர் முதலில் வீட்டுக்குள் வந்திருந்தால் ஃபைபர் வைத்திருக்கும் நான்கு பேரும் அவருடைய அப்லோடை நம்பித்தான் சண்டை போடுகிறார்கள். சர்வருக்கு எத்தனை ஜிபி ரேம் சேர்த்தாலும் ஹாட்ஸ்பாட் வேகமாகாது.

இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். லேக் அடிக்கும்போது F2 அழுத்தி உங்கள் பிங்கைப் பாருங்கள். அது நன்றாக இருந்தும் ட்ரோல் தாவுகிறது என்றால், அந்த இடத்துக்கு முதலில் வந்தவர் யார் என்று கேளுங்கள். அவரைப் போர்ட்டல் வழியாகத் தொலைவான இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். அவர் போனதும் பொறுப்பு அங்கே மிச்சமிருக்கும் ஒருவருக்கு மாறும். கதவுகள் உடனே திறக்க ஆரம்பித்தால் காரணம் தெரிந்துவிட்டது. அந்தக் குழுவில் அப்படித்தான் ஆனது. அதன் பிறகு, நல்ல இணைப்பு உள்ளவர் முதலில் போவார், ஹாட்ஸ்பாட்காரர் அரை நிமிடம் கழித்துப் பின்னால் வருவார் என்று வைத்துக்கொண்டார்கள். பழைய சிறிய திட்டத்துக்கே திரும்பினார்கள்.

சர்வரே காரணமாக இருப்பதும் உண்டு. எல்லோருக்கும் ஒரே நொடியில் ஆட்டம் உறைந்து, உலகம் சேமிக்கப்பட்டதும் சரியானால் அது சர்வரின் வேலை. எல்லோருடைய பிங்கும் எப்போதுமே அதிகம் என்றால் சர்வர் இருக்கும் ஊர் தூரம். சென்னையிலிருந்து ஆடிக்கொண்டு ஐரோப்பிய சர்வரை எடுக்காதீர்கள், மும்பையோ சிங்கப்பூரோ கிடைக்கிறதா என்று பாருங்கள். பெரிய கோட்டைக்குப் பக்கத்தில் போனால் மட்டும் படம் திக்கித் திக்கி ஓடினால் அது உங்கள் சொந்தக் கணினி திணறுவது. அதற்கும் சர்வருக்கும் சம்பந்தமில்லை.

வருடச் சந்தா

மாதாமாதம் கட்டுங்கள்.

ஜன்னலை மூடி சர்வரை நிறுத்துவது

Ctrl+C அழுத்துங்கள். அப்போதுதான் கடைசியாக ஒரு முறை சேமித்துவிட்டு நிற்கும். மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், கடைசியாகச் சேமித்ததற்குப் பின் கட்டியதெல்லாம் போய்விடும். இயல்பாக அந்த இடைவெளி அரை மணி நேரம். மேலே உள்ள கட்டளையில் 600 என்று கொடுத்திருப்பது அதைப் பத்து நிமிடமாக்கத்தான்.

வாடகை முடியும் நாளில் உலகத்தைத் தேடுவது

உங்கள் கதாபாத்திரமும் அதன் கையில் உள்ள பொருளும் சர்வரில் இல்லை, ஆட்டக்காரர் பக்கமே சேமிக்கப்படுகின்றன. கட்டிய வீடும் பெட்டிகளில் வைத்ததும் மட்டும்தான் சர்வரில். எனவே வாரம் ஒரு முறையாவது `Veedu.db`, `Veedu.fwl` இரண்டு கோப்புகளையும் சேர்த்தே இறக்கி வையுங்கள். ஒன்று மட்டும் போதாது.

புதிய சர்வரில் ஏற்றும்போது `-world` பெயர் கோப்பின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். மாறினால் சர்வர் எந்தப் பிழையும் காட்டாமல் அந்தப் பெயரில் புது உலகத்தை உருவாக்கிவிடும். உள்ளே போனவர்கள் வெறும் புல்வெளியைப் பார்த்து எல்லாம் அழிந்தது என்று பதறுவார்கள். சர்வரை நிறுத்தி, பெயரைத் திருத்தி, மறுபடி ஓட்டினால் வீடு இருக்கும். இறக்கிய பிரதி நல்லதா என்று பார்க்க, இரண்டு கோப்புகளையும் உங்கள் கணினியில் `AppData\LocalLow\IronGate\Valheim\worlds_local` கோப்புறையில் வைத்து, அந்த உலகத்தைத் தனியாகத் திறந்து வீடு வரை நடந்து பாருங்கள். வாடகையை நிறுத்துவது அதற்குப் பிறகு.